ஒரே சிலை, இரண்டு சேனல்: ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்

2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத்தின் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் உசேனின் சிலை சாய்க்கப்பட்டதை உலகமே லைவாகப் பார்த்தது. ஒரு செய்தியை இரண்டு சேனல்கள் எப்படிக் காட்டின என்று பழகிப்பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. சிஎன்என், ஃபாக்ஸ் இரண்டையும் எடுத்துக்கொள்வோம்.

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு, ஆங்கர் பேசுவதிலிருந்து தொடங்குவது. பேச்சைக் கேட்டுவிட்டால் அவர் சொன்னதைத்தான் கண்ணும் தேடும். அன்று சிஎன்என்னில் இதை பெர்லின் சுவர் விழுந்ததோடு ஒப்பிட்டார்கள். அதைக் கேட்ட பிறகு திரையில் இருக்கும் கூட்டம் பெரிதாகத்தான் தெரியும். அதனால் முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு தாளில் ஷாட் தொடங்கிய நேரம், எத்தனை நொடி நின்றது, லாங் ஷாட்டா க்ளோஸ்-அப்பா, ஃப்ரேமின் ஓரத்தில் என்ன தெரிகிறது என்று மட்டும் எழுதுங்கள். அப்புறம் சத்தத்தோடு ஒருமுறை பார்த்து, எந்தச் சொல் எந்த ஷாட்டின் மேல் விழுகிறது என்று பக்கத்தில் குறியுங்கள்.

இப்படிச் செய்யும்போதுதான் ஒன்று தட்டுப்படும். சிலையைச் சுற்றி நெருக்கமாக எடுத்த ஷாட்டில் சதுக்கமே நிரம்பி வழிவது போலிருக்கும், மேலிருந்து எடுத்த லாங் ஷாட்டில் சதுக்கத்தின் பெரும்பகுதி காலியாகவும், இருக்கிற கூட்டத்தில் கணிசமானவர்கள் செய்தியாளர்களும் அமெரிக்க மரைன்களுமாகவும் தெரியும். க்ளோஸ்-அப் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, அங்கே மகிழ்ந்தவர்கள் உண்மையாகவே மகிழ்ந்தார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, லாங் ஷாட் எத்தனை நொடி நின்றது, அதிலிருந்து எந்தச் சொல்லின்போது க்ளோஸ்-அப்புக்குக் கட் ஆனது என்பதைத்தான். “பாக்தாத் மக்கள்” என்று வாய் சொல்லும்போது திரையில் சில டஜன் பேர் இருந்தால், பொருளைக் கூட்டிவைப்பது அந்தச் சேர்க்கைதான்.

அடுத்த தவறு, எல்லா ஷாட்டையும் சேனலின் நோக்கம் என்று எழுதிவிடுவது. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் பலர் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டல் அந்தச் சதுக்கத்தை ஒட்டியே இருந்தது. நகரத்தில் வேறெங்கோ நடந்த சண்டையைவிடச் சிலை சாய்வது கேமராவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி ஷாட் இருந்தால் அது முதலில் கேமரா நின்ற இடத்தின் விளைவு. ஏஜென்சிகள் எடுத்த படங்கள் பல சேனல்களுக்குப் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. கையில் கிடைத்த படத்தில் எதை வைத்தார்கள், எங்கே வெட்டினார்கள், எத்தனை முறை திரும்பப் போட்டார்கள் என்பதுதான் சேனலின் முடிவு.

இந்த “எத்தனை முறை” என்பதைத்தான் யாரும் எண்ணுவதில்லை, எனக்கு அதுதான் ஆதங்கம். அன்று அமெரிக்க நேரப்படி காலை 11 மணி முதல் இரவு 8 மணி வரை ஒளிபரப்பானதை ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். சிலை விழும் காட்சியை ஃபாக்ஸ் சராசரியாக 4.4 நிமிடத்துக்கு ஒருமுறையும், சிஎன்என் 7.5 நிமிடத்துக்கு ஒருமுறையும் காட்டின. ஒன்பது மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஃபாக்ஸில் 120 தடவைக்கு மேல், சிஎன்என்னில் 70 தடவைக்கு மேல். ஒரே ஒரு கிளிப்பை வைத்து ஒப்பிட்டிருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எழுதியிருப்போம். வித்தியாசம் இருப்பது ஷாட்டில் அல்ல, அது திரும்பத் திரும்ப வந்த வேகத்தில்.

ஆனால் வித்தியாசத்தை மட்டுமே தேடுவதும் தவறுதான், பலரும் விழும் பெரிய குழி இதுவே. ஃபாக்ஸ் ஒரு பக்கம், சிஎன்என் மறுபக்கம் என்று முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இரண்டும் ஒரே கதையைச் சொன்னது கண்ணில் படாது. போர் கிட்டத்தட்ட முடிந்தது, மக்கள் விடுதலையைக் கொண்டாடுகிறார்கள் என்பதுதான் இரண்டிலும் ஓடிய சட்டகம். அன்றும் பாக்தாத்தில் சண்டை ஓயவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் அதே பாலஸ்தீன் ஹோட்டல் மீது அமெரிக்க டாங்கி சுட்டதில் இரண்டு ஒளிப்பதிவாளர்கள் இறந்திருந்தார்கள். ஆகவே அட்டவணையில் இன்னொரு நிரை போடுங்கள்: இரண்டு சேனலிலும் வராதது என்ன?

கடைசியாக, யூடியூபில் கிடைக்கும் துண்டுகளை நம்பி இதைச் செய்யாதீர்கள். சிலையின் முகத்தில் ஒரு மரைன் அமெரிக்கக் கொடியைப் போர்த்தி, சற்று நேரத்தில் அது எடுக்கப்பட்டு இராக் கொடி வந்தது. பின்னால் யாரோ சுருக்கிப் பதிவேற்றிய ஒரு கிளிப்பில் அந்த அமெரிக்கக் கொடி இல்லையென்றால், வெட்டியது சேனலா பதிவேற்றியவரா என்று உங்களால் சொல்ல முடியாது. இரண்டு சேனலிலும் ஒரே கடிகார நேரத்தின் அரை மணி நேரத்தை வெட்டாத பதிவாக எடுங்கள். அது கிடைக்கவில்லையென்றால் கட் பற்றி எதுவும் சொல்லாமல், கிளிப்பில் இருக்கும் ஷாட்டையும் பேச்சையும் பற்றி மட்டும் எழுதுங்கள்.