சின்ன மருத்துவமனையையும் பெரிய மருத்துவமனையையும் ஒரே தட்டில் நிறுத்த: புனல் வரைபடம்

கற்பனையாக இரண்டு மருத்துவமனைகளை வைத்துக்கொள்வோம். ‘அ’வில் 40 அறுவை சிகிச்சைகள், 4 இறப்புகள்: 10%. ‘ஆ’வில் 2000 சிகிச்சைகள், 132 இறப்புகள்: 6.6%. எல்லா மருத்துவமனைகளுக்கும் சேர்த்து விகிதம் 5%. தரவரிசை போட்டால் ‘அ’தான் மோசம். ஆனால் 5% என்பதே உண்மையான விகிதமாக இருந்தாலும், 40 பேரில் 4 அல்லது அதற்கு மேல் இறப்பதற்கு நூற்றில் 14 வாய்ப்பு உண்டு. ஒருவர்கூட இறக்காமல் இருக்க 13 வாய்ப்பு. பட்டியலின் தலையிலும் வாலிலும் குட்டி மருத்துவமனைகளே மாறி மாறி வருவது இதனால்தான்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும் புனல் வரைபடத்தைப் போட எக்செல் போதும். A பத்தியில் சிகிச்சைகள், B-யில் இறப்புகள், C-யில் விகிதம். 50 மருத்துவமனைகள் என்றால் தரவு 2 முதல் 51 வரையிலான வரிசைகளில் இருக்கும். முதலில் மொத்த விகிதத்தை F1-இல் எடுங்கள்:

```
=SUM(B2:B51)/SUM(A2:A51)
```

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள்: C பத்தியின் சராசரியை எடுத்துவிடுவார்கள். அப்போது 40 பேரின் குரலும் 2000 பேரின் குரலும் சமமாகிவிடும்.

அடுத்து மேல் எல்லை, D2-இல்:

```
=$F$1+3.09*SQRT($F$1*(1-$F$1)/A2)
```

கீழ் எல்லைக்கு E2-இல் கூட்டலைக் கழித்தலாக்குங்கள். விடை எதிர்ம எண்ணாக வந்தால் பூஜ்யம் என்று வையுங்கள். இரண்டு சூத்திரங்களையும் 51-ஆம் வரிசை வரை கீழே இழுங்கள். 3.09 என்பது 99.8% எல்லை. வெறும் அதிர்ஷ்டத்தால் ஆயிரத்தில் இரண்டு புள்ளிகள்தான் இதற்கு வெளியே விழும்.

முழு அட்டவணையையும் A பத்தியின்படி ஏறுவரிசைப்படுத்திவிட்டு சிதறல் வரைபடம் போடுங்கள்: கிடையச்சில் A, நெடுக்கச்சில் C புள்ளிகளாக, D, E கோடுகளாக. வரிசைப்படுத்தாவிட்டால் கோடு குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கிக்கொள்ளும். சரியாக வந்தால் இடப்பக்கம் அகன்று வலப்பக்கம் குறுகும் புனல் தெரியும்.

இப்போது பாருங்கள். ‘அ’வுக்கு மேல் எல்லை சுமார் 15.6%, அதன் 10% நிம்மதியாக உள்ளே இருக்கிறது. ‘ஆ’வுக்கு எல்லை 6.5% மட்டுமே, அதன் 6.6% வெளியே. விசாரிக்க வேண்டியது ‘ஆ’வை.

சின்ன எண்களில் இந்தச் சூத்திரம் கொஞ்சம் தடுமாறும். அங்கே மேல் எல்லைக்கு இதை நம்புங்கள்:

```
=BINOM.INV(A2,$F$1,0.999)/A2
```

‘அ’வுக்கு இது 17.5% தரும். 40-இல் 7 இறப்புகள் என்றால் பழைய சூத்திரம் வெளியே தள்ளும். இது எல்லைக் கோட்டிலேயே நிறுத்தும்.

வெளியே விழுந்தாலே குற்றவாளி என்று எழுதிவிடாதீர்கள். ‘ஆ’வுக்குக் கடுமையான நோயாளிகளே அதிகம் வந்திருக்கலாம், வயதும் நோயின் தீவிரமும் கணக்கில் ஏறாத விகிதம் அதைக் காட்டாது. 50 புள்ளிகளில் 20 வெளியே நின்றால், பெரும்பாலும் கோளாறு மருத்துவமனைகளில் அல்ல, நீங்கள் கணக்கில் எடுக்காத ஏதோ ஒரு வேறுபாட்டில்.