அயனிக்கு எலக்ட்ரான் அமைப்பு எழுதும்போது முதலில் அணுவை எழுதுங்கள்

சோடியம் அயனிக்கு எலக்ட்ரான் அமைப்பு எழுதச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு குறுக்குவழியில் போவார்கள். சோடியத்துக்கு 11 எலக்ட்ரான், ஒன்று போய்விட்டது, மீதி 10. அந்தப் பத்தை முதலிலிருந்து நிரப்பினால் 1s² 2s² 2p⁶. விடை சரி. Mg²⁺, Al³⁺, Ca²⁺, Cl⁻ எல்லாவற்றுக்கும் இதே வழியில் சரியான விடைதான் வரும். அதனால்தான் அந்தப் பழக்கம் கையில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் ஒரு நாள் Fe²⁺ வரும், அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் வேதியியல் படிக்க வரும் பிள்ளைகளில் சிலர் மாநிலப் பாடத்திட்டம், புதுச்சேரிப் பக்கமிருந்து வரும் சிலர் சிபிஎஸ்இ. புத்தகம் வேறு, தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். ஒரு மாணவி கேட்டாள்: "சார், Fe²⁺ல 24 எலக்ட்ரான். குரோமியத்துலயும் 24. அப்போ ரெண்டுக்கும் ஒரே அமைப்புதானே?" நல்ல கேள்வி. இல்லை என்பதுதான் பதில். ஏன் இல்லை என்று புரிந்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

முதல் வேலை: நடுநிலை அணு

அயனியைக் கேட்டிருந்தாலும் முதலில் அணுவைத்தான் எழுத வேண்டும். நிரப்பும் வரிசை இது:

```
1s 2s 2p 3s 3p 4s 3d 4p 5s 4d 5p 6s 4f 5d 6p 7s
```

இதை மனப்பாடம் செய்யாமலும் வரவழைக்கலாம். ஒவ்வொரு துணைக்கூட்டுக்கும் n, l இரண்டையும் கூட்டுங்கள். s-க்கு l = 0, p-க்கு 1, d-க்கு 2, f-க்கு 3. கூட்டுத்தொகை குறைவாக இருப்பது முதலில் நிரம்பும். 4s-க்கு 4 + 0 = 4; 3d-க்கு 3 + 2 = 5. எனவே 4s முந்துகிறது. கூட்டுத்தொகை சமமாக வந்தால் n குறைவானது முதலில்: 3d-க்கும் 4p-க்கும் 5தான், அதனால் 3d முந்தும். s-இல் 2, p-இல் 6, d-இல் 10, f-இல் 14 எலக்ட்ரான்கள் வரை கொள்ளும்.

இரும்பின் அணு எண் 26. வரிசைப்படி நிரப்பினால் 1s² 2s² 2p⁶ 3s² 3p⁶ வரை 18 போய்விடும். அது ஆர்கானின் அமைப்பு என்பதால் [Ar] என்று சுருக்கி எழுதலாம். மீதி 8-இல் இரண்டு 4s-க்கு, ஆறு 3d-க்கு:

```
Fe : [Ar] 4s² 3d⁶
```

இப்போது சின்னதாகத் தெரியும் ஒரு வேலை செய்யுங்கள். கூட்டின் எண் வரிசையில் மாற்றி, 3d-யை முன்னால், 4s-ஐ கடைசியில் எழுதுங்கள்: [Ar] 3d⁶ 4s². நிரப்பிய வரிசை முடிந்துபோன கதை. இனி நமக்கு வேண்டியது எது வெளிப்பக்கம் இருக்கிறது என்பதுதான்.

இரண்டாவது வேலை: வெளியிலிருந்து எடுப்பது

எலக்ட்ரானை நீக்கும்போது n அதிகமாக உள்ள கூட்டிலிருந்து எடுக்க வேண்டும். இரும்பில் அது 4s. Fe²⁺-க்கு இரண்டு போக வேண்டும், 4s-இல் இருந்த இரண்டும் போய்விடும். Fe³⁺-க்கு இன்னும் ஒன்று வேண்டும், அது 3d-யிலிருந்து போகும்.

```
Fe   : [Ar] 3d⁶ 4s²
Fe²⁺ : [Ar] 3d⁶
Fe³⁺ : [Ar] 3d⁵
```

"முதலில் நிரம்பியது 4s என்றால் கடைசியில்தானே போக வேண்டும்?" என்று எல்லோருக்கும் தோன்றும். ஆர்பிட்டாலின் ஆற்றல் நிலையானது என்று நினைப்பதால் வரும் சந்தேகம் இது. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 3d-யைவிட 4s-இன் ஆற்றல் குறைவு, அதனால் எலக்ட்ரான்கள் அங்கே போகின்றன. ஆனால் ஸ்காண்டியத்திலிருந்து அணுக்கருவின் மின்சுமை கூடக்கூட 3d ஆர்பிட்டால் உள்ளே இழுக்கப்பட்டு, அதன் ஆற்றல் 4s-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்படியானால் எல்லா எலக்ட்ரானும் 3d-க்கே போய்விட வேண்டியதுதானே? போகாது. 3d சிறிய இடம், உள்ளே நெருக்கினால் எலக்ட்ரான்களுக்குள் விலக்கம் கூடும். அதனால் இரண்டு எலக்ட்ரான்கள் விரிந்து கிடக்கும் 4s-இலேயே தங்குகின்றன. அயனியாகும்போது வெளியே நிற்கும் அவைதான் முதலில் கழன்றுபோகும். ஸ்காண்டியமே சாட்சி: அணு [Ar] 3d¹ 4s², Sc²⁺ அயனி [Ar] 3d¹. 4s காலி, 3d-யில் ஒன்று மிச்சம்.

மாணவியின் கேள்விக்குப் பதிலும் இங்கேயே இருக்கிறது. குரோமியத்தின் அணுக்கருவில் 24 புரோட்டான், Fe²⁺-இன் அணுக்கருவில் 26. எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இழுக்கும் மின்சுமை வேறு, ஆர்பிட்டால்களின் ஆற்றல் வேறு, அமைப்பும் வேறு. சோடியத்தில் குறுக்குவழி பலித்ததற்குக் காரணம், அங்கே நிரப்பும் வரிசையும் எடுக்கும் வரிசையும் மோதிக்கொள்ளவில்லை.

சரியா என்று எப்படித் தெரியும்?

இணையாகாத எலக்ட்ரான்களை எண்ணிப் பாருங்கள். ஹுண்ட் விதிப்படி 3d-யின் ஐந்து ஆர்பிட்டால்களிலும் முதலில் ஒவ்வொன்றாகப் போட்டு, அதற்குப் பிறகுதான் இணை சேர்க்க வேண்டும். இணையாகாதவற்றின் எண்ணிக்கை n என்றால் காந்தத் திருப்புத்திறன் √(n(n+2)) போர் மேக்னட்டான். (இந்த n முதன்மைக் குவாண்டம் எண் இல்லை. எழுத்துப் பஞ்சம்தான் காரணம், குழம்ப வேண்டாம்.)

Fe³⁺-ஐ 3d⁵ என்று எழுதினால் இணையாகாதவை 5, திருப்புத்திறன் √35, அதாவது 5.92. குறுக்குவழியில் போய் 4s² 3d³ என்று எழுதினால் இணையாகாதவை 3, திருப்புத்திறன் 3.87 என்று வரும். சாதாரண ஃபெர்ரிக் உப்புகளில் அளந்தால் கிடைப்பது 5.9-ஐ ஒட்டிய மதிப்பு. சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் Fe²⁺ ஏமாற்றும். சரியான 3d⁶-இலும் இணையாகாதவை 4, தவறான 4s² 3d⁴-இலும் 4. இரண்டுக்கும் 4.90 தான். அமைப்பைத் தப்பாக எழுதிவிட்டுத் திருப்புத்திறனைச் சரியாகக் கணக்கிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண் சரியாக வந்தது என்பதற்காக அமைப்பும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்னபேதியைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள், வெளிர் பச்சைப் படிகம், அதுதான் ஃபெர்ரஸ் சல்பேட். நம் கடலோர ஈரக்காற்றில் பாட்டிலைச் சரியாக மூடாமல் வைத்தால் படிகத்தின் மேல் மஞ்சள் கலந்த பழுப்பு படியும். காற்றிலுள்ள ஆக்சிஜன் Fe²⁺-இலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி Fe³⁺ ஆக்கிவிட்டது. அமைப்பில் எழுதினால் 3d⁶ போய் 3d⁵. பன்னிரண்டாம் வகுப்பில் பெர்மாங்கனேட்டை வைத்துத் தரம்பார்க்கும்போது குடுவைக்குள் நடப்பதும் இதேதான்.

குரோமியமும் தாமிரமும்

நிரப்பும் வரிசையை நம்பி எழுதினால் தப்பாகப் போகும் இரண்டு அணுக்கள் முதல் வரிசை இடைநிலைத் தனிமங்களில் உண்டு.

```
Cr (24) : [Ar] 3d⁵ 4s¹    (3d⁴ 4s² அல்ல)
Cu (29) : [Ar] 3d¹⁰ 4s¹   (3d⁹ 4s² அல்ல)
```

பாதி நிரம்பிய, முழுதும் நிரம்பிய d-க்கு நிலைத்தன்மை அதிகம் என்று புத்தகம் சொல்லும். அதற்குப் பின்னால் இருப்பது இதுதான்: ஒரே திசைச் சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் எத்தனை சோடி சேருமோ, அத்தனைக்குப் பரிமாற்ற ஆற்றல் கிடைக்கும். 3d⁴-இல் அப்படி 6 சோடி, 3d⁵-இல் 10. கூடவே, 4s-இல் இரண்டு எலக்ட்ரான்கள் இணையாக நெருங்கி இருக்கும் விலக்கமும் குறைகிறது. 3d-க்கும் 4s-க்கும் ஆற்றல் இடைவெளி மிகச் சிறியது என்பதால் இந்த லாபம் போதுமானதாகிவிடுகிறது.

இடைவெளி சிறியது என்பதை மறந்துவிட்டுச் சிலர் கார்பனை 2s¹ 2p³ என்று எழுதுவார்கள், "பாதி நிரம்பியது சார்" என்று காரணமும் சொல்வார்கள். 2s-க்கும் 2p-க்கும் இடைவெளி பெரியது, அங்கே இந்த விலக்கு கிடையாது. நிக்கலும் 3d⁸ 4s² தான், 3d¹⁰ ஆகாது. குரோமியத்துக்கு நேர் கீழே மாலிப்டினம் 4d⁵ 5s¹ என்று அதே மாதிரி நடக்கும், அதற்கும் கீழே உள்ள டங்ஸ்டன் 5d⁴ 6s² என்று வரிசைக்கே திரும்பிவிடும். பல்லேடியத்தில் 5s முழுக்கக் காலி, 4d¹⁰ மட்டும். எனவே "பாதி, முழுது" என்பதை எல்லா இடத்திலும் பாயும் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குரோமியம், தாமிரம், அவற்றோடு மாலிப்டினம், வெள்ளி, தங்கம், பல்லேடியம் ஆகியவற்றை நினைவில் வைத்தால் தேர்வுக்குப் பெரும்பாலும் போதும்.

இந்த விலக்கு அயனியில் எங்கே தெரியும் என்று பாருங்கள். Cr³⁺: சரியான 3d⁵ 4s¹-இலிருந்து மூன்றை எடுத்தால் 3d³. தப்பான 3d⁴ 4s²-இலிருந்து எடுத்தாலும் 3d³. Cu²⁺-க்கும் இரண்டு வழியிலும் 3d⁹ தான். ஆனால் Cu⁺-இல் மாட்டிக்கொள்வீர்கள்: சரியானது 3d¹⁰, தப்பான அணுவிலிருந்து வந்தால் 3d⁹ 4s¹. முதலாவதில் இணையாகாத எலக்ட்ரானே இல்லை, இரண்டாவதில் இரண்டு. மயில்துத்தத்தின் நீல நிறம் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த Cu²⁺-இன் 3d⁹-இலிருந்து வருவது. 3d¹⁰ கொண்ட Cu⁺-இன் குளோரைடு வெள்ளை. Zn²⁺-உம் 3d¹⁰, துத்தநாக சல்பேட்டும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

p தொகுதிக்கு வந்தால் ஒரே ஒரு கூடுதல் கவனம். n சமமாக இருந்தால் l அதிகமானதிலிருந்து முதலில் எடுக்க வேண்டும். வெள்ளீயம் [Kr] 4d¹⁰ 5s² 5p². Sn²⁺-க்கு 5p-யிலிருந்த இரண்டும் போய் [Kr] 4d¹⁰ 5s² என்றாகும். Sn⁴⁺-க்கு 5s-உம் போய் [Kr] 4d¹⁰ மிஞ்சும். 4d-யைத் தொடவே வேண்டாம்.

நீங்களே போட்டுப் பார்க்க மூன்று: Ni²⁺, Co³⁺, Ag⁺. அணுவை எழுதி, n வரிசைக்கு மாற்றி, அதற்குப் பிறகு எடுங்கள். [Ar] 3d⁸, [Ar] 3d⁶, [Kr] 4d¹⁰ என்று வர வேண்டும். Co³⁺-க்கு 4s² 3d⁴ என்று வந்திருந்தால் 24 எலக்ட்ரானை முதலிலிருந்து நிரப்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.