எக்ஸ்ஜி கூட்டும்போது ரீபவுண்டைக் கவனியுங்கள்

பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஃபுட்பால் மேட்ச் பார்த்துவிட்டு அல்சூர் திரும்பும் நம்ம பசங்க, மெட்ரோவிலேயே எக்ஸ்ஜி கணக்கைத் திறந்து வாதாட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு.

எக்ஸ்ஜி, அதாவது எக்ஸ்பெக்டட் கோல்ஸ், என்பது ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பு. கோலிலிருந்து தூரம், கோணம், காலா தலையா, பாஸ் எப்படி வந்தது என்பதையெல்லாம் பழைய ஆயிரக்கணக்கான ஷாட்களோடு ஒப்பிட்டு, 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு தரும். அடித்தது யார் என்பதைப் பெரும்பாலான மாடல்கள் பார்ப்பதில்லை.

சிக்கல் கூட்டும்போது வருகிறது. ஒரு பெனால்டிக்கு சுமார் 0.78 என்று வைத்துக்கொள்வோம். கீப்பர் தடுக்கிறார், பந்து திரும்பி வருகிறது, அருகிலிருந்து அடித்த ரீபவுண்டுக்கு 0.60. இரண்டையும் கூட்டினால் 1.38. ஆனால் அந்த ஒரே தாக்குதலில் ஒரு கோலுக்கு மேல் விழவே முடியாது! முதல் ஷாட் தவறியதால்தானே இரண்டாவதே வந்தது?

சரியான வழி, இரண்டும் தவறும் வாய்ப்பைப் பெருக்குவது: 0.22 × 0.40 = 0.088. அதை 1-லிருந்து கழித்தால் சுமார் 0.91. வித்தியாசம் கிட்டத்தட்ட அரை கோல். ஒரு மேட்சில் “நாமதான் ஜெயிச்சிருக்கணும்” என்று சொல்ல வைக்க அதுவே போதும்.

மொத்தத்தை மட்டும் பார்க்காமல் ஷாட் பட்டியலைத் திறந்து நிமிடத்தைப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் இரண்டு மூன்று பெரிய மதிப்புகள் இருந்தால் வீடியோவைப் பார்த்து, ஒரே தாக்குதல்தான் என்றால் இப்படிச் சேர்த்துக் கணக்கிடுங்கள். சில தளங்கள் இதைத் தாங்களே செய்துவிடுகின்றன, அங்கே மறுபடி குறைக்க வேண்டாம்.