பேரிங்கிலேயே சுற்றிச் சுற்றி வரும் இயர்பட்ஸ்: ரீசெட் செய்யும் சரியான வரிசை

கேஸைத் திறந்ததும் லைட் மின்னுகிறது. போனில் பெயரும் வருகிறது. தொட்டால் 'Connected' என்று காட்டிவிட்டு இரண்டே நொடியில் அறுந்துபோகிறது, மறுபடி லைட் மின்னத் தொடங்குகிறது. பெரும்பாலும் இது பட்ஸ் கெட்டுப்போனதால் வருவதில்லை.

முதல்முறை பேரிங் ஆகி இணையும்போதே போனும் பட்ஸும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொள்கின்றன. அடுத்தமுறை இரண்டு சாவியும் ஒத்துப்போனால்தான் இணைப்பு நிற்கும். ஒரு பக்கம் மட்டும் சாவி அழிந்துவிட்டால் மறுபக்கம் பழைய சாவியை நீட்டிக்கொண்டே இருக்கும், அது செல்லாது. அதனால்தான் பட்ஸை மட்டும் பத்து தடவை ரீசெட் செய்தாலும் சிலருக்குப் பலன் கிடைப்பதில்லை. இது போக, இடது பட்ஸும் வலது பட்ஸும் தங்களுக்குள் தனியாக ஒரு பேரிங் வைத்திருக்கின்றன. அது அறுந்திருந்தால் போனில் ஒரே பெயர் இரண்டு முறை வரும், அல்லது பெயரின் கடைசியில் L, R என்று தனித்தனியாகத் தெரியும்.

1. முதலில் போன். ப்ளூடூத் பட்டியலில் பட்ஸின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டு 'Forget' அல்லது 'Unpair' கொடுங்கள். இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் நீக்குங்கள். பிறகு ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். முன்பு இதே பட்ஸை இணைத்த லேப்டாப், டிவி, வீட்டிலுள்ள இன்னொரு போன் எதிலும் ப்ளூடூத் ஆனில் இருக்கக் கூடாது. ரீசெட் முடிந்த கையோடு அவற்றில் ஒன்று குறுக்கே வந்து பேரிங்கைக் குழப்பிவிடும்.

2. கேஸில் வைத்து சார்ஜ். அரை மணி நேரம் போதும். ஒரு பட்ஸில் மட்டும் சார்ஜ் தீர்ந்திருந்தால் ரீசெட் பாதியில் நின்றுவிடும்.

3. ரீசெட். மாடலுக்கு மாடல் மாறும் என்றாலும், பெரும்பாலும் இந்த மூன்று வகைக்குள் அடங்கிவிடும்:

- கேஸில் பட்டன் இருந்தால்: இரண்டு பட்ஸும் உள்ளே, மூடி திறந்தபடி, பட்டனை 10 முதல் 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். பட்டன் உள்ள ஏர்பாட்ஸில் சுமார் 15 நொடி. லைட் ஆரஞ்சாக மின்னி, பிறகு வெள்ளையாக மின்னினால் முடிந்தது.
- கேஸில் பட்டன் இல்லை, பட்ஸில் பட்டனோ டச்சோ மட்டும் இருந்தால்: இரண்டையும் ஒரே நேரத்தில் 10 முதல் 20 நொடி அழுத்திப் பிடியுங்கள். சில மாடல்களில் கேஸுக்குள் வைத்தபடி, சிலவற்றில் வெளியே எடுத்து. சார்ஜ் ஆகும்போது டச் வேலை செய்யாத மாடல்கள் உண்டு. உள்ளே பலிக்கவில்லை என்றால் வெளியே எடுத்துப் பாருங்கள்.
- அழுத்திப் பிடித்தும் ஒன்றும் நடக்காவிட்டால்: சில மாடல்களுக்கு வேகமாக ஐந்து முறையோ அதற்கு மேலோ தட்ட வேண்டும். எத்தனை என்பது பெட்டியில் வந்த தாளில் இருக்கும்.

கையை எப்போது எடுப்பது என்பதை லைட்தான் சொல்லும். 3 முதல் 5 நொடியில் வரும் மினுக்கல் வெறும் பேரிங் மோட். அதைப் பார்த்து ரீசெட் ஆகிவிட்டது என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நிறம் மாறும்வரை அல்லது வேகமாக மின்னி அணையும்வரை விடாதீர்கள்.

4. பட்ஸ் ஒன்றையொன்று சேரட்டும். கேஸை மூடி 30 நொடி விடுங்கள். போனில் ப்ளூடூத்தைப் போடாமலேயே இரண்டு பட்ஸையும் ஒன்றாக வெளியே எடுங்கள். பல மாடல்களில் முதலில் இரண்டும் மின்னும். சில நொடியில் ஒன்று நின்று, மற்றது மட்டும் மின்னும். இடதும் வலதும் சேர்ந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். இப்போது போனில் ப்ளூடூத்தைப் போட்டால் ஒரே ஒரு பெயர்தான் வர வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு பெயர் வந்தால் கேஸின் உட்புறத்தைப் பாருங்கள். அடியில் சிறிய பொன்னிற முனைகள் இருக்கும், பட்ஸில் அவற்றுக்கு ஜோடியாகப் புள்ளிகள். உதாரணமாக வலது பட்ஸின் புள்ளியில் காதழுக்கு படிந்திருந்தால், கேஸுக்குள் இருப்பதே அந்த பட்ஸுக்குத் தெரியாது. கேஸ் பட்டனை அழுத்தினால் இடது மட்டும் ரீசெட் ஆகும். வலது பழைய சாவியோடு வெளியே வந்து மறுபடி சுற்றத் தொடங்கும். கண்டுபிடிப்பது சுலபம்: பட்ஸை ஒவ்வொன்றாக உள்ளே வையுங்கள். வைத்ததும் லைட் எரியாத பட்ஸ்தான் பிரச்சினை. காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு இரு பக்கமும் துடைத்து, நன்றாக உலரவிட்டு, முதல் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள். தண்ணீர் வேண்டாம், முனைகள் துருப்பிடிக்கும்.

துடைத்து, ஒரு மணி நேரம் சார்ஜில் வைத்தும் அந்த ஒரு பட்ஸில் லைட்டே வரவில்லை என்றால், பெரும்பாலும் அதன் பேட்டரி போயிருக்கும். ரீசெட் அதைச் சரிசெய்யாது. வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டருக்கு கேஸையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.