கற்பனை ரயிலுக்கு 0.6 மடங்கு ஒளிவேகம்

சார்பியல் ஸ்லைடை விளக்கும்போது, தருமபுரி ஸ்டேஷனைக் கடக்கும் கற்பனை ரயிலுக்கு ஒளிவேகத்தில் 0.6 மடங்கு கொடுங்கள். வர்க்கமூலத் தொல்லை இருக்காது. பெட்டிக்குள் ஒளி தரையிலிருந்து கூரைக்கு நேராக 4 பங்கு ஏறுகிறது. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கோ, அதற்குள் ரயில் 3 பங்கு நகர்ந்துவிடுவதால், அதே ஒளி சாய்வாக 5 பங்கு போகிறது. ஒளிவேகம் இருவருக்கும் ஒன்றே. ஆகவே அவருக்கு 5 நொடி என்றால் ரயில் கடிகாரத்தில் 4 நொடிதான்.

நீளச் சுருக்கத்துக்குத் தனிப் படம் தேவையில்லை. ரயிலின் முகப்பு பிளாட்பாரத்தைக் கடக்கும் நேரம் ரயில் கடிகாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு, வேகம் மாறவில்லை. எனவே 500 மீட்டர் பிளாட்பாரம் பயணிக்கு 400 மீட்டர்.

ஒளியை ரயில் ஓடும் திசையிலேயே அனுப்பினால் இந்த முக்கோணம் உதவாது. 0.5 மடங்கும் வேண்டாம், 0.866 வந்து நிற்கும்.