ஒரே பதிவைப் பத்து தலைப்பில் போடாமல் மாத அட்டவணையைச் சரிசெய்வது எப்படி?

ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 12 பதிவுகள். அட்டவணையில் ‘நல்லெண்ணெயின் நன்மைகள்’, ‘செக்கு எண்ணெய் ஏன் நல்லது’, ‘பாட்டி காலத்து எண்ணெய்’ என்று வரிசையாக இருக்கிறது. தலைப்பு வேறு வேறு, சரக்கு ஒன்றுதான்.

முதலில் கூகுள் ஷீட்டில் A-யில் தேதி, B-யில் தலைப்பு போடுங்கள். C-யில், அந்தப் பதிவு வாசகரின் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். மேலே சொன்ன மூன்றுக்கும் ‘செக்கு எண்ணெய் எதற்கு?’ என்றுதான் எழுத வரும். கேள்வி ஒன்றானால் பதிவும் ஒன்றுதான். நன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். இந்த வேலையை மட்டும் அவசரமாகச் செய்யாதீர்கள்.

அடுத்து D-யில் கரு (நன்மை, தயாரிப்பு, விலை, பயன்பாடு), E-யில் வடிவம் (ரீல்ஸ், படத்தொகுப்பு, ஒற்றைப் படம்), F-யில் வாசகர் நிலை. நிலை மூன்று போதும்: புதியவர், யோசிப்பவர், வாங்கியவர். இவற்றைக் கையால் தட்டாமல் Insert → Dropdown வைத்துத் தேர்ந்தெடுங்கள். ‘விலை’க்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலும் எண்ணிக்கை தப்பாகிவிடும்.

இப்போது H2 முதல் கீழாகக் கருக்களையும், I1 முதல் வலப்பக்கமாக நிலைகளையும் எழுதி, I2-இல் இதைப் போட்டு மற்றக் கட்டங்களுக்கும் இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIFS($D$2:$D$13,$H2,$F$2:$F$13,I$1)
```

நம் கடைக்கு ‘நன்மை–புதியவர்’ கட்டத்தில் எண் குவிந்திருக்கும். ‘வாங்கியவர்’ பத்தி முழுக்கப் பூஜ்யம். ஆனால் கடைக்கு வரும் போன்களில் பாதி அவர்களுடையதாகத்தான் இருக்கும். தேங்காய் எண்ணெய் ஏன் உறைந்தது? (ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், கெட்டுப்போகவில்லை.) அடியில் ஏன் கசடு? பொரிக்கும்போது ஏன் நுரைக்கிறது? மூன்றும் தனித்தனிப் பதிவுகள். யோசிப்பவருக்கு விலைதான் தடை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு போகிறது என்று கணக்கைக் காட்டினால் அவர் கேள்விக்கு நேராகப் பதில் கிடைக்கும்.

எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. ‘விலை–புதியவர்’ காலியாகவே இருக்கட்டும். கடையையே தெரியாதவருக்கு விலை விவரம் எதற்கு?

வடிவத்தைக் கடைசியாக மாற்றுங்கள். பழைய ‘நன்மைகள்’ படத்தை ரீல்ஸாக்கினால் அது புதுப் பதிவு ஆகாது. விஷயமே வடிவத்தைச் சொல்லும்: நல்லெண்ணெய் ஆட்டும்போது எள்ளோடு கருப்பட்டி சேர்ப்பதை ஓடும் காட்சியாகப் பார்க்க வேண்டும், அதனால் ரீல்ஸ். விலைக் கணக்கை நின்று படிக்க வேண்டும், அதனால் படத்தொகுப்பு.

அப்புறம் தேதி. ஒரே கருவோ ஒரே நிலையோ அடுத்தடுத்து வராதபடி வரிகளை மாற்றி வையுங்கள். உறைதல் பதிவு மார்கழிக் குளிருக்கு முன்பே போய்விடட்டும்.