சத்தியும் வயிற்றோட்டமும்: நிற்பாட்ட அவசரப்படாதீர்கள்

வெள்ளவத்தையில் பார்மசி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைப் பழக்குவது என் பொறுப்பு. நாங்கள் பழகிய காலத்தில் விட்ட பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். கை கழுவுவது போன்ற எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

எடுத்தவுடன் லோபரமைட்

"அண்ணா, ராத்திரி கடையில கொத்து சாப்பிட்டது. சத்தியும் வயிற்றோட்டமும். நிற்பாட்ட ஏதும் தாங்கோ" என்று ஒருவர் வந்தால், புதுப் பிள்ளையின் கை நேரே லோபரமைட் அட்டைக்குத்தான் போகும். எத்தனை தரம் சொன்னாலும் போகும்.

இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன? கிருமியோ அதன் நஞ்சோ குடலின் உட்சுவரைத் தொட்டதும் அங்குள்ள சில கலங்கள் செரட்டோனினை வெளிவிடுகின்றன. அந்தச் செய்தி வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கு ஏற, சத்தி வருகிறது. அதே செரட்டோனின் குடலில் நீர் சுரக்கவும் குடல் வேகமாக அசையவும் வைக்கிறது. இரைப்பையில் மிச்சமிருப்பது சத்தியோடு போகும். அதைத் தாண்டி இறங்கியதை இந்த நீர்தான் கழுவித் தள்ளுகிறது; சுவரில் ஒட்டப் பார்க்கும் கிருமிக்கு அவகாசம் குறைகிறது.

லோபரமைட் கிருமியைக் கொல்லாது, குடலின் அசைவைத்தான் குறைக்கும். ஒரு பையன் காய்ச்சலோடு வந்தான். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்காமலே குளிசை கொடுத்திருந்தார்கள். ஓட்டம் நின்றது, வீட்டில் சந்தோஷம். அடுத்த நாள் வயிறு பலூன் மாதிரி உப்பி, காய்ச்சல் ஏறி, சளியும் இரத்தமுமாகப் போனது. மலப் பரிசோதனையில் சிகெல்லாக் கிருமி. வெளியேற வேண்டியதை உள்ளே பூட்டி வைத்திருந்தோம்.

காய்ச்சலும் இரத்தமும் இல்லாத பெரியவர் தூரப் பயணம் போகவேண்டுமென்றால் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

அதற்காக, ஓடட்டும் என்று சும்மா இருக்கவும் முடியாது. கொலராவில் இந்தக் கழுவலே ஆளை வற்றவைத்துக் கொன்றுவிடும். ஓட்டத்தை மறிக்காமல், போகிற நீரையும் உப்பையும் ஜீவனித் தூளைக் கரைத்துக் கொடுத்து ஈடுசெய்வதுதான் வேலை.

ஜீவனியை ஒரு கிளாஸில் கரைப்பது

முழுப் பக்கெட்டும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு. செறிவு கூடினால் உப்பும் சீனியும் குடலுக்குள் நீரை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிடுங்கள்.

சத்தி எடுத்த கையோடு மடமடவெனக் குடிப்பது

திரும்ப வரும். பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக.

கேட்டவுடன் அன்டிபயோட்டிக்

வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பிந்துவது

மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை, பிள்ளை துவண்டு கிடக்கிறது, ஜீவனி ஒரு வாய்கூடத் தங்கவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் கவுண்டரில் நின்று மருந்து தேட வேண்டாம், உடனே அனுப்புங்கள்.